கமலா நிவாஸின் ஆறு மாத வடிகட்டி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1964ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சுபமுகூர்த்தத்தில், பம்பாய் மாட்டுங்கா கமலா நிவாஸ் கட்டடத்துக்குள் சேறு நுழைவது நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது. தடை செய்தவர் குடியிருப்போர் சங்கத்தின் கௌரவக் காரியதரிசி மகாதேவன். கருவி, செம்பூரில் அவர் வேலை பார்த்த கம்பெனி கழித்துப்போட்ட அமெரிக்க வடிகட்டி. கனத்த வார்ப்பிரும்புக் கூடு. அதற்குள் பருத்தி நூல் இறுகச் சுற்றிய உருளை ஒன்று.

முனிசிபாலிட்டித் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் வரும். தன் அழுத்தத்திலேயே மூன்று மாடி ஏறி மொட்டைமாடித் தொட்டியில் விழும். கீழ்வீடுகளுக்கு மட்டும் அதே குழாயிலிருந்து நேரடி இணைப்பு. மகாதேவன் இருப்பது கீழ்வீட்டில்.

மீட்டரை அடுத்து வடிகட்டியைப் பொருத்தியவன் தாராவி பிளம்பர் தனசீலன். கூட்டுக்கு முன்னால் ஒரு வால்வு, பின்னால் ஒன்று, இரண்டையும் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் குழாயில் இன்னொன்று. மிச்சமிருந்தது தண்ணீரின் அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜ்.

“ஒரே ஒரு கேஜுதான் இருக்குய்யா. கூட்டுக்கு முன்னால வைக்கவா, பின்னால வைக்கவா? ரெண்டு பக்கமும் இருந்தா வித்தியாசம் பாத்து அடைப்பக் கண்டுபிடிக்கலாம்.”

“எங்க வெச்சா முள்ளு ஒசக்க நிக்கும்?”

“முன்னாலதான்.”

“அப்போ அங்கேயே வை. வரவா போறவா பாக்கணுமோன்னோ!”

பக்கத்துக் கட்டட வேலையையும் வாங்கித் தருவதாகக் காரியதரிசி சொல்லியிருந்தார். தனசீலன் அங்கேயே வைத்தான்.

பிறகு தீர்மானங்கள். உருளையை ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றுவது, வடிகட்டியோடு வந்த அமெரிக்கப் புத்தகத்தில் கண்டபடி. பைபாஸைக் கமிட்டி ஒப்புதலின்றித் திறக்கலாகாது. வால்வுக்குச் சங்கிலி, பூட்டு. சாவியும் மாற்று உருளைகளும் மகாதேவன் வீட்டுப் பீரோவில்.

ஜூன் பிறந்தது. மழை கொட்டியது. குழாயில் காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது.

மூன்றாம் மாடியில் பார்வதி மாமி மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பிள்ளைகள் எட்டரைக்குள் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கு ஓட வேண்டும். புருஷன் போன பிறகு மாமிக்கு அந்த மெஸ்தான் கதி. ஜூலை முதல் வாரத்தில் தொட்டி பாதி நிரம்பியது. அடுத்த வாரம் அடியை நனைத்தது. அதற்கப்புறம் காற்றுதான் வந்தது.

மாமி இறங்கி வந்தாள்.

“மாடிக்குத் தண்ணி ஏறலை சார். உருளை அடைச்சுண்டிருக்கும், மாத்திடுங்கோ.”

“கேஜைப் பாருங்கோ மாமி! முன்னைக்கு இப்போ இன்னும் ஒசக்க நிக்கறது. பிரஷர் பிரமாதமா இருக்கு. எங்காத்துல ஜோரா கொட்டறதே!”

“உங்காம் கீழ இருக்கு.”

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

முள் உயர்ந்திருந்தது உண்மை. வழி அடைத்து தண்ணீர் ஓடாமல் முட்டி நின்றால், முன்பக்கத்துக் கேஜ் உயரத்தான் செய்யும். மாமி தனசீலனைக் கூப்பிட்டாள். அவன் கூட்டைத் தட்டிப் பார்த்தான். இரும்பு, உள்ளே ஒன்றும் தெரியாது.

“அடைப்புதான்மா. மழைக்காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்க மாத்தணும், மத்த நாளு மூணு மாசம் தாங்கும்.”

“அதை அவர்ட்ட சொல்லேம்ப்பா.”

“நீங்களே சொல்லுங்கம்மா. எம்பொழப்பு அவரு கையில கிடக்கு.”

“அப்போ பைபாஸையாவது திறந்து விடுங்கோ சார்,” என்றாள் மாமி, மகாதேவனிடம் மறுபடி இறங்கி வந்து.

“வடிகட்டாத ஜலத்தை உள்ள விடறதா! கமிட்டி கூடட்டும்.”

கமிட்டி கூடவில்லை. ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், ஒருவருக்கு ஜுரம், கூட்டம் நடத்தத் தேவையான கோரம் இல்லை. மாமி தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். மூன்று மாடி. சாதம் தாமதமானது. பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். “மாமி, மேனேஜர் கத்தறான்” என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸில் பெயர் கொடுத்தார்கள். மாமி யாரையும் திட்டவில்லை, திட்டத் தெம்பில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோரம் கிடைத்தது. தனசீலன் பைபாஸைத் திறந்தான், கூட்டின் இருபக்கத்து வால்வுகளையும் மூடினான், உள்ளே நின்ற அழுத்தத்தை வெளியேற்றினான், மூடியைக் கழற்றினான். வெள்ளையாக உள்ளே போன உருளை, களிமண் பூசிய கட்டையாக வெளியே வந்தது. ஈரச்சேறு சொட்டியது. கமிட்டி மூக்கைப் பொத்திக்கொண்டது.

மகாதேவன் முகம் மலர்ந்தது.

“பாத்தேளா, எவ்வளவு பிடிச்சிருக்கு! அடிக்கடி மாத்தியிருந்தா இவ்வளவு பிடிச்சிருக்குமா? ஆறு மாசமே சரி.”

கமிட்டி கைதட்டியது. புது உருளை ஏறியது, பைபாஸுக்குப் பூட்டு திரும்ப விழுந்தது, காரியதரிசிக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலை தொட்டி விளிம்புவரை நிரம்பியது. மாமி உடனே உலை வைத்து, எட்டு மணிக்கெல்லாம் இலை போட்டுவிட்டாள்.

சாப்பிட யாரும் வரவில்லை.