கூடி வந்த எடை

முதல் லோடு விற்ற சீட்டை என் மருமகள் கோமளா மேசைமேல் வைத்தாள். காகித ஆலையின் எடைமேடையில் வண்டியைப் பாரத்தோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை நிறுத்தி எடுத்த கணக்கு அது. நிகரம் நாலாயிரத்து இருநூற்றுப் பத்து கிலோ. ஈரத்துக்கென்று தொண்ணூறு கிலோவை ஆலைக்காரர்கள் கழித்திருந்தார்கள். கழித்த பிறகும் நாலாயிரத்து நூற்றிருபது.

எங்கள் புத்தகத்தில் நாங்கள் வாங்கியிருந்ததோ மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுதான்.

வேறு வியாபாரமாக இருந்தால் இனிப்பு வாங்கியிருப்பார்கள். நான் புத்தகத்தை மறுபடி கூட்டிப் பார்த்தேன். பழைய பேப்பர் குடோனில் கிடந்தால் காயும். காய்ந்தால் எடை இறங்கும். அட்டையிலிருந்து பிளாஸ்டிக் டேப்பையும் தெர்மாகோலையும் பிரித்தெடுத்தால் இன்னும் இறங்கும். ஏறவே ஏறாது. ஏறியிருக்கிறது என்றால், விற்க வந்தவர்களிடம் நாங்கள் குறைத்து நிறுத்திருக்கிறோம்.

துடியலூரில் இந்தக் கடையைப் போட கோமளா கேட்டபோது ஆறு மாதம் நான் ஒப்பவில்லை. பஞ்சு அரவை மில் வைத்திருந்த குடும்பம் அட்டைப்பெட்டி பொறுக்குவதா என்றேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: தராசு என் கண்முன் இருக்க வேண்டும். ஐந்து வாரமாக அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். தள்ளுவண்டிக்காரர்களிடம், "அரங்கசாமி கடையில் நூறு கிராம்கூடத் தப்பாதுங்க" என்று நானே சொல்லியும் இருக்கிறேன்.

கோமளா முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லை எலக்ட்ரானிக் தராசின் தட்டில் வைத்தாள். பதினெட்டு எழுநூறு. கல்லை எடுத்தாள். சைபர். மறுபடி வைத்தாள். அதே பதினெட்டு எழுநூறு. தினமும் காலையில் சைபர் காட்டுவதைப் பார்த்து நம்பியிருந்தோம். கல்லை ஒருநாளும் வைத்துப் பார்க்கவில்லை.

யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகனைக்கூட நினைத்தேன். கோமளா தட்டைக் கழற்றினாள். தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே, சுவரோர மூலையில், மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக்காசு ஒன்று நசுங்கிக் கிடந்தது. தட்டில் ஏற்றிய பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொண்டிருந்தது.

அதை வைத்தவன் நான். மில் தராசில் என் அப்பா நல்ல சகுனத்துக்காகக் காசு முடிந்து கட்டுவார். அது தொங்கும் தராசு. சங்கிலியில் கட்டினால் ஒன்றும் ஆகாது. கடை திறந்த அன்று, கட்ட இடம் தெரியாமல், இந்தத் தட்டுக்கு அடியில் செருகினேன்.

கோமளா காசை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தாள். சரியாக இருபது.

"மாமா, நாளையிலிருந்து கிலோவுக்கு ஒரு ரூபா சேத்திக் குடுத்துபோடலாங்க. யாருக்கும் தெரியாமயே நேராயிரும்."

நேராகிவிடும்தான். என் வாய்வரை சரி என்ற சொல் வந்தது. எடையளவு அதிகாரி, பக்கத்துக் கடைக்காரர், செல்போனில் படம் பிடிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கண்முன் வந்து நின்றார்கள். மில்கார நாயுடு வீட்டுத் தராசிலேயே திருட்டு என்பார்கள். காசின் கதையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். ஆனால் இனிமேல் வராதவர்களுக்கு அந்த ஒரு ரூபாய் எப்படிப் போய்ச் சேரும்?

மறுநாள் காலையில், வழக்கமாக எங்களிடம் அட்டை போடும் ராசாத்தாள் தள்ளுவண்டியோடு வந்தாள். பின்னால் இன்னும் நான்கு பேர். நான் எழுந்து நின்றேன். நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொருவர் பெயரிலும் எழுதிய எடைக்கு, இருபதுக்குப் பதினெட்டு எழுநூறு என்ற கணக்கில் குறைந்ததை இன்றே தருவதாகச் சொன்னேன். வராதவர்களைத் தேடிப்போய்க் கொடுப்பதாகவும் சொன்னேன்.

ஒருவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, வரவேண்டிய பணத்தைக்கூடக் கேட்காமல், எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்.

ராசாத்தாள் நசுங்கிய காசைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்துனூண்டு காசு எம்பட அட்டையத் தின்னுபோடுச்சுங்களா? எங்கூட்டுக்காரரே பரவால்லீங்க, சொல்லிப்போட்டுத் திங்கிறாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நெசமாவே தெரியாமத்தான் வெச்சீங்களா?" என்றாள், குரலை இறக்கி.

"தெரியாமத்தான் அம்மணி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். எழுபத்திரண்டு வயதில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு இருபது கிலோ கல்லை அவளே இரண்டு கையாலும் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தாள். பார்த்தாள். நான்கு மூலையிலும் நகர்த்தி நகர்த்தி வைத்தாள். ஒவ்வொரு முறையும் சரியாக இருபது காட்டியது.

"செரி, எறக்குங்க" என்றாள், தன் வண்டியைக் காட்டி.

அட்டைக்கட்டை நானே தூக்கி வைத்தேன்.