நூற்றிருபது வருட டியூட்டி

விமான நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் டியூட்டி பட்டியல் போட்டவள் நான். எந்த விமானி எந்த நாள் பறப்பார், யாருக்கு எப்போது ஓய்வு, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று யார், எல்லாம் என் மேஜையில்தான் முடிவாகும். பட்டியல் போடுகிறவளை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் யாரையும் பெரிதாகப் பிடிக்காது. அதனால் வேலை சுமுகமாக நடந்தது.

அங்கிருந்து என்னை இரவல் வாங்கியது, பூமியைக் குளிரவைக்கும் திட்டத்தின் அலுவலகம். இரண்டாம் மாடி, வட்ட மேஜை, சுவரெல்லாம் வரைபடம். சேர்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, அங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குத் தலைவி கந்தக டாக்டர். இருபது கிலோமீட்டர் உயரத்துக்கு விமானத்தில் கந்தக வாயுவைக் கொண்டுபோய் விட்டால் அது நுண்ணிய அமிலத் துளிகளாகி, உலகம் முழுக்கப் பரவி, வெயிலில் நூற்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது அவர் கட்சி. பெரிய எரிமலை வெடித்தால் ஓரிரு வருடம் உலகம் கொஞ்சம் குளிர்கிறதே, அதே சங்கதிதான். மறு கட்சிக்கு உப்பு சார். கப்பலில் நின்று கடல்நீரைக் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூளாக விசிறினால், கடல்மேல் தாழ்வாகக் கிடக்கும் மேகத்தில் துளிகள் சின்னதாகவும் நிறையவும் ஆகும், மேகம் வெளுக்கும், வெயில் திரும்பிப் போகும் என்பார். தூள் அளவு கொஞ்சம் பெரிசானால் மேகம் மழையாகி மெலிந்துவிடும் என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

எனக்குக் கொடுத்த வேலை எளிது என்றார் இயக்குநர். திட்டத்தை அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில், திட்டம் நடக்கும் காலம் முழுவதற்கும் பணிப்பட்டியல் கேட்கிறார்கள். பெயர்க் கட்டம் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் 'இடைவெளி இல்லை' என்று பட்டியல் போட்டவர் கையெழுத்திட வேண்டும். எத்தனை வருடம் என்று கேட்டேன். நூற்றிருபது என்றார். ஏன் நூற்றிருபது என்றேன். கணினியில் அதுவரைக்கும்தான் ஓட்டிப் பார்க்க முடிந்ததாம்.

சரி, ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் நாளே ஊழியர் சங்கம் மூக்கை நுழைத்தது. உப்பு சாரின் மேகம் சில நாளில் பழையபடி ஆகிவிடுமாம், எனவே கப்பல்காரர்களுக்கு வார விடுமுறைகூடக் கிடையாது. கந்தகத் துளிகளோ மேலே ஒரு வருடத்துக்கு மேல் தங்கும், நடுவில் இரண்டு வாரம் பறக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. உடனே சங்கம் ஒருமனதாகக் கந்தகத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. ஓசோன் படலத்தின் ஓட்டை ஆறத் தாமதமாகும், பருவமழை இடம் மாறலாம், வானம் வெளிறிப்போகும் என்றெல்லாம் உப்பு சார் எழுந்து சொல்லிப் பார்த்தார். உங்க உப்பும் ஒரு கடலைக் குளிரவைத்து இன்னொரு ஊர் மழையைக் கெடுக்குமே என்று கந்தக டாக்டர் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் கந்தகமே முடிவானது. சங்கச் செயலாளர் கேட்டது ஒரே கேள்வி, ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைக்கலாமா என்பதுதான்.

முப்பது வருடம் வரை பெயர் நிரப்பிவிட்டேன். அதற்கு மேல் ஆள் இல்லை. இருக்கிறவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிடுவார்கள், வரப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. இயக்குநர் ஒரு நாள் முழுக்க நெற்றியைத் தேய்த்தார். பிறகு முகம் மலர்ந்து சொன்னார், வாரிசு நியமனம் என்று ஒன்று இருக்கிறதே.

அவ்வளவுதான், அலுவலகம் அமளிதுமளி. பிறக்காத பிள்ளைக்கு நிரந்தர வேலை என்றால் யார் விடுவார்கள்? காவலாளி தன் மூன்று பேரன்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இடம் கேட்டார். தட்டச்சர் நூற்றுப்பத்தாம் வருடத்தில் ஜன்னலோர அலுவலகம் வேண்டும் என்று மனு கொடுத்தார். கல்யாணமே ஆகாத கணக்கீட்டாளர் ஒருவர் என் மேஜைக்கு வந்து, எனக்கு மட்டும் வாரிசு இல்லையே மேடம் என்று கண் கலங்கினார். உப்பு சார்கூட வெட்கத்தை விட்டு, கந்தக விமானத்தில் தன் கொள்ளுப்பேத்திக்கு ஓர் இடம் கேட்டு வாங்கினார்.

நானும் சும்மா இருந்தேனா? என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். முப்பத்தோராம் வருடம், மாற்று விமானி என்ற கட்டத்தில் 'என் மகளின் முதல் குழந்தை' என்று தட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. பட்டியல்காரிக்கு ஓட்டை என்றால் உடம்பெல்லாம் அரிக்கும். எவராவது மாட்டேன் என்றால் என்ன செய்வது? ஒன்பதாம் விதி என்று ஒன்று நானே எழுதிச் சேர்த்தேன்: 'திட்டத்தில் உள்ள எவரேனும் கடமையை மறுத்தால், அது தானாக அவர் வாரிசுக்குச் செல்லும்.' இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார்.

என் மகளும் மாப்பிள்ளையும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். எழுத்துப் பலகையை வைத்து, இது தெரியுதா, இது தெரியுதா என்று நாள் முழுக்கக் கேட்டு அதே பழக்கம் வீட்டிலும். சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“டியூட்டி எப்பம்மா முடியும்?” என்றாள்.

எந்தப் பட்டியலிலும் கடைசிக் கட்டம் அதுதான், பணி முடியும் நேரம். இருபத்திரண்டு வருடம் நான் முதலில் நிரப்பும் கட்டம். இதில் அந்தக் கட்டத்தையே நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் என் பழைய பழக்கம் ஒன்றைச் செய்தேன். கையெழுத்துப் போடுமுன் பட்டியலிலிருந்து ஒரு பெயரை உருவிப் பார்ப்பேன், விமானம் கிளம்புகிறதா இல்லையா என்று. விமான நிறுவனத்தில் உருவினால் பயணிகள் திட்டுவார்கள், அவ்வளவுதான். கந்தக டாக்டரின் அறைக்குப் போய், நாற்பத்தேழாம் வருடத்திலிருந்து எல்லாப் பெயரையும் உருவிவிடுங்கள், சண்டையோ நோயோ ஏதோ ஒன்று, விமானம் பறக்கவில்லை என்று வையுங்கள் என்றேன்.

அவர் புதிதாக ஓட்டிப் பார்க்கவே இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவரிடம் முன்பே இருந்தது. சில பத்து வருடம் தட்டையாகப் போன வெப்பக் கோடு, விமானம் நின்ற இடத்திலிருந்து சுவரேறுகிற பல்லி மாதிரி நேராக மேலே போயிருந்தது.

“நாம சூட்டைக் குறைக்கல மேடம், மறைச்சு வைக்கிறோம். ஆலைப் புகையும் வண்டிப் புகையும் அது பாட்டுக்கு மேல சேர்ந்துகிட்டேதான் இருக்கும், கடலும் அதைக் குடிச்சு அமிலமாப் புளிச்சுகிட்டே இருக்கும். நிறுத்தினா, மறைச்சு வச்ச சூட்டுல பெரும்பங்கு பத்துப் பன்னிரண்டு வருஷத்துல திரும்ப வந்துடும். மெதுவா வந்தா பயிரும் உயிரும் கொஞ்சம் பழகிக்கும். இப்படி வந்தா பழகாது.”

அப்படியானால் எப்போதுதான் நிறுத்துவது என்றேன். புகையைக் குறைத்து, காற்றில் ஏற்கெனவே இருக்கிற கரியமில வாயுவையும் இறக்கிக்கொண்டே வந்தால், விமானங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு நாள் நிறுத்தலாமாம். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அது வேறு அமைச்சகம் என்று சொல்லி அவர் ஜன்னலைப் பார்த்தார். கெட்டிக்காரப் பெண், பொய் சொல்லத் தெரியாதவர். அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

என் கோபமெல்லாம் என்மேல்தான். என் பேரப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததாக நினைத்தேனே, இறக்கி வைக்கவே முடியாத ஒரு மூட்டையை அல்லவா பிறக்குமுன்னே தலையில் ஏற்றியிருக்கிறேன். ஓடிப்போய் முப்பத்தோராம் வருடத்தில் குழந்தையின் பெயரை அழித்தேன். கணினி காலிக் கட்டத்தை ஏற்கவில்லை, சிவப்பாக மின்னியது. அதற்குள் செய்தி பரவி என் மேஜை முன்னால் பதினோரு பேர் வரிசை, காலியான இடத்தைத் தங்கள் பிள்ளைக்குக் கேட்டு. காவலாளி நான்காவது பேரனை அப்போதுதான் நினைவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் பெயரை எடுத்துவிட்டேன் என்றேன். நிம்மதியாவாள் என்று பார்த்தேன்.

“பேரை எடுத்துட்டா எம்புள்ளை என்ன வேற வானத்துக்குக் கீழயா இருக்கப்போகுது?” என்றாள். “அந்தக் கட்டத்துல யாரு இருந்தாலும் இதுக்குந்தானேம்மா சுடும்.”

வெள்ளிக்கிழமை இயக்குநர் கடைசிப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். நான் பேனாவை மூடிவைத்தேன். பணி முடியும் நேரம் இல்லாத பட்டியலில் என் கையெழுத்து விழாது, எப்போது எப்படி நிறுத்துவது என்று ஒரு பக்கம் சேருங்கள், புகையைக் குறைக்கிற திட்டத்தையும் சேருங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். நல்லவேளை, ஒரு இடத்திலாவது நிமிர்ந்து நின்றோமே என்று எனக்கே ஒரு பெருமை. இயக்குநர் கோபப்படவே இல்லை. தாளை மடித்து உறையில் போட்டுக்கொண்டு, உங்க விருப்பம் மேடம் என்று தேன் ஒழுகச் சொன்னார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பதிவுத் தபால் வந்தது. எனக்கில்லை, என் மகளுக்கு. 'தங்கள் தாயார் கையொப்பமிட மறுத்ததால், ஒன்பதாம் விதிப்படி அக்கடமை தங்களுக்கு வந்துள்ளது' என்று இருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து, கடிதத்தைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து நிதானமாகப் படித்தாள். பின்பக்கம் 'மறுக்கிறேன்' என்று எழுதி, தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்தது யாருக்கு என்பது எனக்குத் தெரியும், விதியை எழுதியவள் நான்.

புதன்கிழமை இரண்டாவது தபால். உறையின்மேல் 'பிறக்கவிருக்கும் குழந்தை, மேற்பார்வை: தாய்' என்று தட்டச்சு. என் மகள் பிரித்து வாய்விட்டுப் படித்தாள். இடைவெளி இல்லை என்ற சான்றில் தங்கள் கையொப்பம் தேவைப்படுகிறது. தங்களுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் நேரில் வந்து இடவும். அதுவரை, தங்கள் சம்மதத்தை எதிர்பார்த்து விமானங்கள் அடுத்த மாதமே பறக்கத் தொடங்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடையில் அட்டையைக் காட்டிக் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

“பதினெட்டு வயசுல இது வந்து மாட்டேன்னு சொன்னா என்னம்மா ஆகும்?”

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சொல்லலாம் கண்ணு, அதுக்கு உரிமை இருக்கு. ஆனா அதுக்குள்ள மறைச்சு வச்ச பதினெட்டு வருஷச் சூடு மேல காத்துகிட்டு இருக்கும்.”