நாற்பத்தேழில் முடியும் எண்

கோபத்தில் நான் செய்து உருப்பட்ட காரியம் ஒன்றுகூடக் கிடையாது. எக்ஸ்ரே சென்டரில் படம் எடுக்கும் வேலையை உதறிய அன்று, அங்கிருந்த கம்ப்யூட்டரில் சேமித்திருந்த என் பாஸ்வேர்டுகளையெல்லாம் அழித்தேன். சென்டர் கொடுத்திருந்த போனை டாக்டர் கண்ணெதிரே கவுண்டரில் வைத்துவிட்டு வீறாப்பாக நடந்தேன். என் மெயிலுக்கு மீட்பு எண்ணாகக் கொடுத்திருந்தது அந்தப் போனின் எண்ணைத்தான் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. பாஸ்வேர்டும் நினைவில் இல்லை. நான்கு வருடமாக அதைப் போட்டது கம்ப்யூட்டர்தானே.

மூன்று வாரம் கழித்து உறைத்தது. நாளை காலை பத்து மணிக்கு உரிமக் குழு விசாரணை. ஒரு நோயாளிக்குத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தது என் அஜாக்கிரதை என்பது டாக்டரின் புகார். மெஷினில் கதிர் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமர் பழுது, நிறுத்தி வையுங்கள் என்று முன்கூட்டியே அவருக்கு மெயில் அனுப்பியிருந்தேன். அப்படி எதுவும் தனக்கு வரவே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்த பதில் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. அனுப்பியதற்கு அத்தாட்சி என் மெயில் பெட்டிக்குள் மட்டும் இருக்கிறது. அது திறக்காவிட்டால் உரிமம் போச்சு, பிழைப்பும் போச்சு.

"தள்ளு, நான் பாக்குறேன்" என்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். கல்யாணத் தேதியைப் போட்டார். அவர் பெயரைப் போட்டார்.

"உங்க பேரையா வச்சிருப்பேன்?"

"ஒரு ஆசைதான்" என்று மறுபடி தட்டினார். முயற்சிகள் அதிகமாகிவிட்டன, சில மணி நேரம் கழித்து வாருங்கள் என்று திரை எங்களை வெளியே தள்ளியது. அவரைக் கடித்துக் குதறாத குறைதான்.

மாலை நான்கு மணிக்குத் திரை மறுபடி முயல விட்டது. வேறு வழி, வேறு வழி என்று அழுத்திக்கொண்டே போனேன். மாற்று மெயில் கொடுத்ததில்லை. போன் இல்லாதபோது உதவும் அவசரக் குறியீடுகளை எடுத்து வைத்ததில்லை. எஞ்சியது ஒன்றுதான்: நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பவா?

அந்தப் போன் இப்போது ரிசப்ஷனில் உட்காரும் ஸ்பீக்கர் கையில். அவளுடைய உரத்த தொண்டையைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் அது. யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று அவளோடு நான் சண்டை போடாத நாளே இல்லை. வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன்.

"நான்தான். வச்சிடாதீங்க. அந்தப் போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும். என் மெயிலைத் திறக்க. படிச்சுச் சொன்னாப் போதும்."

"யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டு வருமே?"

"என்னோட மெயில்தாங்க. டைமர் பத்தி எழுதினேனே, அதை நாளைக்குக் காட்டணும்."

அவளுக்குப் பின்னாலிருந்து டாக்டர் குரல் கேட்டது. "யாரு லைன்ல?"

அவள் வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"பேஷன்ட்டு சார்! ரிப்போர்ட் நம்பர் கேக்குறாங்க!"

அனுப்பு என்பதை அழுத்தினேன். குறியீடு சில நிமிடம்தான் செல்லும். அங்கே செய்தி வந்து விழும் சத்தம் கேட்டது.

"குறிச்சுக்கம்மா. எட்டு. ஒண்ணு. ஒண்ணு. சார், கையெழுத்து அங்க இல்ல, கீழ. மூணு. ஆறு. கடைசில சைபர்."

போன் துண்டிக்கப்பட்டது. வீட்டுக்காரர் தட்டினார். புதிய பாஸ்வேர்டு கேட்டுத் திரை வழிவிட்டது. அனுப்பியவற்றில் அந்த மெயில் தேதியோடு, நேரத்தோடு, பழுதின் படத்தோடு அப்படியே இருந்தது. வாய்விட்டு அழுதேன். பிறகு நாற்பத்தேழை நீக்கி என் எண்ணைப் போட்டேன். மற்றக் கருவிகளிலிருந்து கணக்கை வெளியேற்றினேன். அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதி பீரோவில் பூட்டினேன்.

பூட்டும்போதுதான் தோன்றியது, அந்தக் குறியீடு வந்த செய்தி இன்னும் அவள் போனில் கிடக்கும். அழித்துவிடச் சொல்லக் கூப்பிட்டேன். எடுத்தது டாக்டர். என்னிடம் பேசவில்லை. "எட்டு ஒண்ணு ஒண்ணுன்னு சத்தமாப் படிச்சியே, இதுதானா அது?" என்று பக்கத்தில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். அதைவிடக் கோழைத்தனமாக நான் எதுவும் செய்ததில்லை.

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. அதில் கவுண்டரில் வைத்திருந்த டம்ளர், துண்டு, மாற்றுச் செருப்பு.

"வேலையை விட்டு நேத்தே அனுப்பிட்டாரு" என்றாள்.

"என்னாலதான்."

"ஆமா, உன்னாலதான்." அவள் முகத்தில் சமாதானம் எதுவும் இல்லை. "உன் மெயிலைப் பிரின்ட் எடுத்து அவர் மேசைல வச்சதே நான்தான். வரலைன்னு அவர் எழுதினதையும் நான்தான் டைப் அடிச்சேன். வாயை மூடிட்டு அடிச்சேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கதவு திறந்து உதவியாளர் என் பெயரைக் கூப்பிட்டு, தனியாகத்தானே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஸ்பீக்கர் பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இல்லைங்க" என்றேன். "ரெண்டு பேரு."