அசர் நேரத்துக் கோடு

குல்சும் சாயங்காலமானால் மலிகாவாகிவிடுகிறாள் என்று சொல்லித்தான் அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மலிகா அவளுடைய அக்கா. நாலு வருஷத்துக்கு முன்னால் மண்டபம் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன வள்ளம் கவிழ்ந்து கடலோடு போனவள். உடல் கரை ஒதுங்கவில்லை.

நான் அந்தப் பெண்கள் வார்டின் நர்ஸ், முருகேஸ்வரி. பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் காய்ச்சல் வந்தால்கூட முதலில் மந்திரிக்கப் போய்விட்டு, சாகக் கிடக்கும்போதுதான் எங்களிடம் வருவார்கள். அதனால் குல்சுமின் தாயார் ஹமீதா பானு, "சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துல அது வருது நர்சம்மா, பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொன்னதும் ஓடிப்போயிருது" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"கடியாரம் பார்த்து வருதா?" என்றேன்.

"அப்படித்தான் வருது" என்றார் அவர். நான் கிண்டல் செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாமலில்லை. கோபப்படவும் இல்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

குல்சுமுக்கு வயது பதினெட்டு. இரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி, தினம் காலையில் இன்சுலின் ஊசி. அவர்கள் ஊர் திருப்பாலைக்குடி. வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்ததால் மருந்துக்குப் பஞ்சமில்லை. ரமலான் பிறந்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. விடியுமுன் சஹர் நேரத்தில் இரண்டு வாய் சாப்பிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, நோன்பு பிடித்திருக்கிறாள். நோயாளிக்கு நோன்பு விலக்கு உண்டு என்று அவர்கள் பள்ளிவாசல் ஆலிமே சொல்லியும் கேட்கவில்லை. இங்கே வந்தபின் டாக்டர் வீரபத்திரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நோன்பு கூடாது, காலையும் மதியமும் கட்டாயம் சாப்பிட வேண்டும். மதியக் கஞ்சியை நானே கொண்டுபோய் வைப்பேன். சட்டி காலியாகத் திரும்பி வரும். ஆனாலும் அசர் நேரத்தில் அது வந்தது.

முதல் தடவை நானே கேட்டேன். வார்டின் கோடியில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. அடித்தொண்டையிலிருந்து நிதானமான ஒரு குரல், "குளிருது உம்மா" என்றது. குல்சுமுக்குக் கீச்சுக் குரல். இது வேறு. எதிர்க்கட்டில்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். ஹமீதா பானு மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்து மகள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பாங்கு சத்தம் கேட்டது. நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தைத் தண்ணீரோடு மகள் வாயில் ஊட்டினார். கொஞ்ச நேரத்தில் குல்சும் குல்சுமாக விழித்து, "என்ன எல்லாரும் என்னையவே பாக்குறீங்க?" என்றாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல், அசர் நேரத்தை ஒட்டி எங்களுக்கு வகுப்பு. டாக்டர் மதுரை மருத்துவக் கல்லூரியிலிருந்து கண்ணாடி சிலைடுகள் இரவல் வாங்கி வந்திருந்தார். வார்டை ஒட்டிய அறையில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டு, சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார். உள்ளே ஒரே புழுக்கம். பயிற்சிப் பெண்கள் பாதிப் பேர் தூங்கினார்கள்.

"இது சாப்பிட்டவன் ரத்தத்துல உள்ள சர்க்கரை" என்று குச்சியால் முதல் கோட்டைத் தொட்டார். கோடு மேலே ஏறி, வளைந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கே இறங்கியது. "ஏறின சர்க்கரையை யாரு இறக்குறா? கணையம் விடுற இன்சுலின். தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ள இழுத்துக்கிருது. ஈரல் அதைக் கிளைக்கோஜனா மாத்திச் சேத்து வச்சுக்கிருது. குதிருல நெல்லைக் கொட்டிப் பூட்டுற மாதிரி."

அடுத்த சிலைடு பட்டினி கிடப்பவனுடையது. சர்க்கரைக் கோடு எண்பதை ஒட்டி, ஏறாமல் இறங்காமல் போனது.

"சாப்பிடவே இல்லையே, ஏன் விழுகலை?" என்று கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "இன்சுலின் தானா அடங்கிருது. அதே கணையத்துல இருந்து குளுக்ககான்னு இன்னொண்ணு வரும். அது போயி ஈரல் கதவைத் தட்டும். ஈரல் குதிருப் பூட்டைத் திறந்து சர்க்கரையை ரத்தத்துல விடும். குதிரு காலியாயிட்டா, உடம்புப் புரதத்துல இருந்து புதுசாச் செய்யும். மத்த உறுப்பெல்லாம் கொழுப்பை எரிச்சுப் பிழைச்சுக்கிரும். மூளைக்குச் சர்க்கரை வேணும். நோன்பு பிடிக்கிற எல்லாருக்கும் உள்ள இதுதான் நடக்குது, அதான் நல்லா இருக்காக. குளுக்ககானை அளக்க இன்னும் சரியா வழி வரலை, அதனால அந்தக் கோடு மட்டும் உத்தேசம்."

மூன்றாவது சிலைடு அச்சடித்ததல்ல. வெறும் கண்ணாடியில் டாக்டரே மை தொட்டு வரைந்தது. நேற்று குல்சுமிடம் எடுத்த ரத்தத்தின் கணக்கு அது. காலையில் மேலே இருந்த கோடு, மதியத்துக்குப் பின் சரிந்து சரிந்து அசர் நேரத்தில் அடிக்கட்டத்துக்குள் போய்விட்டது.

"தோலுக்குக் கீழ ஊசியில போட்ட இன்சுலினுக்கு ஆளு சாப்பிட்டாளா பட்டினியான்னு தெரியாது. அது அடங்காது. மெதுவா ஊறி, மத்தியானத்துக்கு மேலதான் உச்சத்துக்கு வரும். குளுக்ககான் தட்டினாலும் ஈரல் கதவைத் திறக்க விடாது. கோடு இங்கன வந்ததும் வேர்க்கும், கை நடுங்கும், உடம்பு சில்லுன்னு ஆயிரும்." குச்சி இன்னும் கீழே இறங்கியது. "இங்கன வந்தா மூளை தடுமாறும். ஆள் அடையாளம் தெரியாது. பேச்சு மாறும். இதுக்கும் கீழ வலிப்பு, மயக்கம், அப்புறம் சாவு."

குச்சி அந்த இடத்தில் இருக்கும்போதே சுவருக்கு அந்தப்பக்கம் அந்தக் குரல் கேட்டது.

"குளிருது உம்மா."

தூங்கிய பெண்கள் எல்லாம் விழித்துவிட்டார்கள். கோடு கூப்பிட்டு அவள் வந்ததுபோல இருந்தது எனக்கு. டாக்டர் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். குல்சுமின் கை நனைந்த துணிபோல ஈரமும் குளிருமாகக் கிடந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டு, அதே நரம்பில் டாக்டர் குளுக்கோஸைச் செலுத்தினார். ஊசி முடிவதற்குள் அவள் கண்ணை உருட்டிப் பார்த்து, கீச்சுக் குரலில், "வலிக்குது டாக்டரய்யா" என்றாள்.

"இன்னும் பாங்கு சொல்லலையே!" என்று நான் ஹமீதா பானுவிடம் வெற்றியோடு சொன்னேன். "பாங்குல ஓடலைம்மா. பேரீச்சம்பழத்துல ஓடியிருக்கு."

அவர் முகத்தில் நிம்மதியே இல்லை. பறிகொடுத்த முகமாக இருந்தது. காலியாகத் திரும்பிய கஞ்சிச் சட்டி என் நினைவில் தட்டியது. பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வார்டு ஜன்னலுக்குக் கீழே சாக்கடையில் மதியக் கஞ்சி வெள்ளையாகத் தேங்கிக் கிடந்தது, காலை இட்லியும்கூட. குல்சும் நோன்பை விடவே இல்லை. சாப்பாட்டைக் கொட்டிச் சட்டியைக் காலியாக்கிக் கொடுத்தது தாயார்.

டாக்டர் ஆவேசமாகிவிட்டார். குல்சும் பால் குடித்துத் தூங்கியதும், ஹமீதா பானுவை இருட்டறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூன்று சிலைடையும் முதலிலிருந்து காட்டினார். என்னைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மாள் பயிற்சிப் பெண்களைவிட நன்றாகக் கேட்டார். பூட்டுவது எது, திறப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசிக் கோட்டின் முன்னால் எழுந்து நின்றார். வேட்டியில் விழுந்த வெளிச்சம் அவர் முக்காட்டிலும் விழுந்தது.

"இந்த இடத்துலதான் மலிகா வாரா" என்று கோட்டின் அடியைத் தொட்டார்.

"மலிகா இல்லம்மா. சர்க்கரை இல்லாத மூளை பேசுது."

"சரிங்கய்யா. இந்தக் கோட்டை இங்கனயே கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைக்க முடியுமா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"தினமும் குளிருதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருறா" என்றார் ஹமீதா பானு. "எங்கன கிடக்கே, இன்னமும் தண்ணிக்குள்ளயா கிடக்கேன்னு கேக்கணும். அதுக்குள்ள பாங்கு சொல்லிருது. ஒரே ஒரு தடவை போதும்யா."

"நிப்பாட்டுனா இவ செத்துருவா. போன மகளைக் கேக்க இருக்குற மகளைக் கொல்லணுமா?" என்றார் டாக்டர். அந்த அம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். அவரை அடிக்க வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது எனக்கு. இனிமேல் சாப்பாட்டைக் கொட்டமாட்டேன் என்று அல்லாஹ்வின் பேரில் சொன்னார். மகளிடம் இதைப்பற்றி மூச்சு விடவேண்டாம் என்று எங்களையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஊசியின் அளவைக் குறைத்தார்கள். சாப்பிடாவிட்டால் ஆபத்து என்று ஆலிமே நேரில் வந்து சொன்னபின் குல்சும் இணங்கினாள். காலை இட்லியும் மதியக் கஞ்சியும் என் கண் முன்னாலேயே சாப்பிட்டாள். மூன்று மணிக்கு ஒரு டம்ளர் பாலும் குடித்தாள். அசர் நேரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் போனபோது குல்சும் சாய்ந்து கிடந்தாள். தாயார் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதையும் கேட்கவில்லை, தலையையும் தடவவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குல்சுமின் கையைப் பிடித்தேன். வெதுவெதுப்பாக, காய்ந்து இருந்தது. வேர்வையில்லை, நடுக்கமில்லை. அப்பாடா என்று நரம்பில் ஊசியைச் செருகினேன். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது, அடித்தொண்டையிலிருந்து அந்த நிதானமான குரல் பேசியது.

"இப்பக் குளிரலை உம்மா. கரையேறிட்டேன். நீ போயி நோன்பு தொற."

ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினேன். ஹமீதா பானு எழுந்தார். மகளின் நெற்றியில் முத்தமிட்டார். பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தும், வெளியே நடந்தார். குல்சும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"உம்மா எங்க? நான் தூங்கிட்டேனா நர்சம்மா?"

நடிக்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பாக இருக்க வேண்டும் என்று என் குலசாமியை வேண்டிக்கொண்டேன். வெறும் தூக்கக் கலக்கம்தான் அதில் இருந்தது. அந்தக் குரல் அதற்கப்புறம் வரவே இல்லை.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை நூற்றிரண்டு, குறைவே இல்லை. டாக்டர் சந்தோஷமாக நாலாவது கண்ணாடியில் மை தொட்டு வரைந்தார். கோடு அசர் நேரத்தைத் தாண்டி எங்கும் விழாமல் நேராகப் போனது.

"பாத்தியா முருகேஸ்வரி, பேயும் போச்சு, பிசாசும் போச்சு" என்றார்.

"ஆமா டாக்டர்" என்றேன்.