தினசரி போன பிறகு

நாள் தவறாமல் சர்வரில் ஒரு சின்ன மாற்றத்தையாவது ஏற்றிவிடுவான் என்பதால் அவனுக்கு அலுவலகத்தில் 'தினசரி' என்று பெயர். பெரிதாக எதையும் கிழிக்கவில்லை என்று மேலாளர் அவனை வீட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் மெமரி நிரம்பி சர்வர் படுத்துவிட்டது.

"போறப்போ எதையோ சொருகிட்டுப் போயிருக்கான். கண்டுபிடிம்மா," என்றார் மேலாளர், அவனுடைய பக்கத்து மேசைக்காரியிடம்.

அவள் சோதனை சர்வரில் பயனர்களிடமிருந்து வழக்கமாக வரும் கோரிக்கைகளை மணிக்கணக்கில் அனுப்பினாள். மெமரி ஏறியது, இறங்கவே இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மெமரியில் இருந்ததைப் பதிவெடுத்து ஒப்பிட்டாள். இணைப்பைத் துண்டித்துப் போனவர்களின் விவரம் ஒன்றுகூட இணைப்பில் இருப்பவர்களின் பட்டியலிலிருந்து நீங்கவில்லை. அந்தப் பகுதியை மூன்று வருடங்களுக்கு முன் எழுதியது அவளேதான். தினசரி மாற்றம் ஏற்றும்போதெல்லாம் புரோகிராம் புதிதாகத் தொடங்கி மெமரி காலியானதால், இத்தனை நாள் அவள் மானம் தப்பியிருந்தது.

அந்த விவரத்தை நீக்க, அன்று விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். மெமரி ஏறவில்லை.

"அவன் பண்ண கோளாறுதானே?" என்றார் மேலாளர்.

எழுதியவர் என்று தன் பெயர் தெரிந்த திரையை மூடினாள். "சரி பண்ணிட்டேன் சார்."

போனில் தினசரியின் செய்தி காத்திருந்தது: "சர்வர் விழுந்துடுச்சாமே? உன்னை யாரும் எதுவும் சொல்லலையே?"