ஒரு பக்கத்துக்கு அறுபது பேர்

முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்குக் கணக்குத் தேடும் ஆட்களைக் கண்டால் பிரபாலினிக்குப் பற்றிக்கொண்டு வரும். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, சுவிஸில் ஆரா நகரத்தில் நான்கு முதியோர் இல்லங்களை நடத்தும் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் அவள் புள்ளிவிபரக்காரியாகச் சேர்ந்தாள். குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள். அதே நிறுவனத்தின் இல்லம் ஒன்றில் அவளுடைய அம்மா தில்லைநாயகி பத்து வருடமாகக் கிழடுகளைத் தூக்கிப் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

எழும்ப முடியாதவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். இப்போது புது வகை மெத்தை வந்திருந்தது. அதில் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்டினால் போதுமா என்று சோதிக்க வேண்டும். புண் கூடவில்லை என்றால் எல்லா இல்லத்துக்கும் அந்த மெத்தை, எல்லா இடத்திலும் நாலு மணித்தியாலம்.

பிரிவின் தலைவர் டொக்டர் ஷெரர் எல்லாவற்றையும் எழுதி முடித்திருந்தார். பழைய முறை ஒரு பக்கம், புது முறை மறுபக்கம். ஒரு பக்கத்துக்கு அறுபது பேர். பழைய முறையில் நூறு பேரில் பத்துப் பேருக்குப் புண் வருகிறது, புது முறையில் அது முப்பதாக ஏறினால் எண்பது வீத வாய்ப்போடு கண்டுபிடிக்கலாம். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப அவளுடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவள் போட்டுப் பார்த்தாள். கணக்கு சரிதான். அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். ஷெரர் மறைக்கவில்லை. நாலு இல்லத்திலும் படுக்கையில் கிடப்பவர்கள் நூற்றிருபது பேர்தான், அறுபது பேருக்குத் தோதாக முப்பதைப் போட்டேன் என்றார்.

பத்து பதினைந்தாக ஏறினால் பரவாயில்லையோ என்று அவள் விடாமல் கேட்டாள். பரவாயில்லை என்று சொல்ல முடியாது என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு பக்கத்துக்கு அறுநூற்றெண்பதுக்கு மேல் ஆட்கள் வேண்டும். அறுபது பேரை வைத்துக்கொண்டு எட்டுத் தடவை இதே ஆய்வைச் செய்தால், ஏழு தடவை அது கண்ணிலேயே படாது. பிறகு ‘வித்தியாசம் காணவில்லை’ என்பதை ‘வித்தியாசம் இல்லை’ என்று வாசித்து, பிரட்டுவதைப் பாதியாக்குவார்கள். புண் வந்தவன் வந்தபடி கிடப்பான்.

“ஆட்கள் குறைவு என்றால் ஆய்வு குருடு, டொக்டர். குருடனைச் சாட்சிக்குக் கூப்பிடுறீங்கள்” என்றாள் ஜேர்மனில். ஷெரர் முகத்தைச் சுளித்தார். அவ்வளவு பேருக்கு நான் எங்கே போவேன், வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு வலியில், இருந்தால் எழும்ப முடியாதாம். மெத்தை வருகிறதாம் என்று கூட வேலை செய்யும் ஜெயகௌரியக்கா சொன்னதைச் சொல்லி, பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

பிரபாலினி நடந்ததைச் சொன்னாள். தில்லைநாயகியின் சிரிப்பு போய்விட்டது.

“கணக்குப் பிழையோ?”

“இல்லையம்மா. கேள்விதான் பிழை.”

“கணக்குச் சரியெண்டா வை கையெழுத்தை. நூறில அஞ்சு பேருக்குக் கூடுதலாப் புண் வந்தா மருந்து போடுவம். பிரட்டிப் பிரட்டி எனக்கு நாரி விட்டுப் போச்சு, பிள்ளை.”

ஷெரரோடு சண்டை பிடிப்பது பிரபாலினிக்கு லேசு, அம்மாவோடு அப்படி இல்லை. அவர் கட்டில்களை எண்ணி முப்பதைப் போட்டார். அம்மாவின் நாரிக்காகத் தானும் அதே முப்பதைப் போட்டால் என்ன என்று ஒரு முழு நாள் அவள் நினைத்தாள். பேனையைக்கூட எடுத்தாள். முப்பதைப் பார்க்கப் பார்க்க, பதினைந்தில் இருக்கும் அந்தக் கூடுதல் ஐந்து பேரும் தன்னைத்தான் பார்ப்பதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தும் பதினைந்தும் என்று எழுதி, அறுநூற்றெண்பத்தைந்து என்று போட்டுக் கொடுத்தாள். வேறு இல்லங்களையும் சேர்த்தால் செய்யலாம், மூன்று வருடம் பிடிக்கும், தாதிகளின் முதுகுவலியையும் அளக்க வேண்டும் என்றும் எழுதினாள். கடைசி வரியை வாசித்த ஷெரர், அது நம் கேள்வி இல்லையே என்றார். அடுத்த கிழமை நிர்வாகம் ஆய்வைக் கிடப்பில் போட்டது. பார்வைக்கு வந்த மெத்தைகள் திரும்பிப் போயின.

வேறு யாரும் சொல்லுமுன் அம்மாவிடம் தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னாள். தில்லைநாயகி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

“கிழவருக்கு எழுநூறு பேர் வேணுமெண்டு கண்டுபிடிச்சிட்டாய். என்ர நாரிக்கு எத்தினை பேர் வேணும்?”

ஒரு சராசரியைச் சொல்லி, ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் கணக்குப் போடலாம். ஆனால் அதை இதுவரை ஒருவரும் அளக்கவில்லை. அளக்காத ஒன்றுக்கு எந்த எண்ணையும் அவளால் போட முடியவில்லை.

தில்லைநாயகி சுவர்ப்பக்கம் திரும்பி, நாரிக்குக் கட்டும் இடுப்புப் பட்டியின் இரண்டு முனையையும் பின்னால் நீட்டினாள். பிரபாலினி பிடித்து இழுத்துக் கட்டினாள்.

“இன்னும் இறுக்கு” என்றாள் அம்மா.