மாமியார் கதையை வெட்டியவர்

பலாப்பழப் பாயசம் செய்வது பற்றி நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். சேந்தமங்கலத்தில் அச்சகம் வைத்திருக்கும் யாக்கூப் அதை ஆறே வரியாக வெட்டி, வரிக்கு ஒரு எண் போட்டுவிட்டார். அப்போது ரோடு இல்லாத எங்கள் கொல்லிமலைக்கு அந்தத் தாளோடு நடந்தே ஏறியும் வந்துவிட்டார்.

“வாத்தியாரே, சமையல் புஸ்தகத்துல உங்க மாமியார் கதை எதுக்குங்க? இந்தத் தாளைப் பார்த்து நானே சமைச்சுக் காட்டறேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், பழத்தையும் அரிவாளையும் அவர் முன்னால் வைத்தேன்.

முதல் வரிப்படி பழத்தைப் பிளந்தார். இரண்டாம் வரிப்படி சுளைகளைப் பிய்த்தார். மூன்றாம் வரியைப் படிக்கத் தாளை எடுத்தார். பலாப்பால் அப்பிய கையில் தாள் ஒட்டிக்கொண்டது. உதறிப் பார்த்தார், வாயால் இழுத்தார். மீசையிலும் ஒட்டிக்கொண்டது.

“ஏனுங்க, இது எப்படிங்க போகும்?”

“பழத்தைத் தொடறதுக்கு முந்திக் கையில எண்ணெய் தடவலைன்னு மாமியார் என்னைத் திட்டினதுதானுங்க அந்தக் கதை.”

என் மனைவி பாவாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கதையை முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.